டெம்பரேச்சர் முள் இறங்கினால் டேஷ்போர்டைக் கழட்ட விடாதீர்கள்

சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பதினோராயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ஹீட்டர் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோரை, அது கெட்டுப்போகாமலேயே, மாற்றிக் கொடுத்தார்கள். ஓடும்போது டெம்பரேச்சர் முள் இறங்கும் கோளாறு அப்படியே இருந்தது. இதே அறிகுறி உங்கள் காரிலும் தெரிந்தால் ஏமாறாமல் இருக்கவே இந்தப் பதிவு.

ஓமலூர் தாண்டித் தர்மபுரி ரோட்டில் எண்பதில் போனால் டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து நழுவிக் கால் பாகத்துக்கு வந்துவிடும். டோல்கேட் வரிசையில் நின்றால் மெல்ல ஏறும். ஏற்காடு மலை ஏறும்போது எல்லாம் சரியாக இருக்கும். இறங்கும்போது முள்ளும் இறங்கும், ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான் வரும். மார்கழிப் பனியில் உள்கண்ணாடி ஆவி படிந்து, வளைவுகளில் எதிர்வண்டி தெரியாது. இவ்வளவையும் சொன்னேன். முள்ளைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஹீட்டர் கோர் அடைச்சிருக்கு சார், டேஷ்போர்டு கழட்டணும்" என்றார்கள்.

ஹீட்டர் கோர் அடைத்திருந்தால் ஹீட்டர் மட்டும்தான் சுடாது. முள் தன் இடத்தில் நிற்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால், அதுவும் வேகத்தில் குறைந்து நின்றால் ஏறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தெர்மோஸ்டாட் வால்வைத்தான். இன்ஜின் சூடாகும்வரை அது மூடியிருந்து, பெரும்பாலான கார்களில் 80 டிகிரிக்கு மேல்தான் திறக்க வேண்டும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் ஓடும். ஹைவே காற்று அதைத் தேவைக்கு மேல் குளிர்வித்துவிடும். ஹீட்டருக்குப் போவதும் அதே தண்ணீர்தானே! இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

வேலை முடிந்தும் முள் இறங்குகிறது என்று திரும்பப் போனால், "வால்வையே எடுத்து வீசிடலாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்றார்கள். அப்படி எடுத்தால் இதே கோளாறு நிரந்தரமாகிவிடும். சம்மதிக்காமல் வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

வேறொரு மெக்கானிக் அண்ணன், ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸில் என் கையை வைக்கச் சொன்னார். நல்ல வால்வு என்றால் ஹோஸ் வெகுநேரம் ஜில்லென்று இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். என் காரில் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. இந்தச் சோதனைக்குக் காசு ஆகாது. ஃபேன் பக்கம் மட்டும் விரல் போகக் கூடாது. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். வட்டத் தகட்டின் ஓரத்தில் ஒரு துருச் செதில் சிக்கி, பிறை வடிவில் இடைவெளி தெரிந்தது. புது வால்வு, கேஸ்கெட், கூலன்ட் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம்தான். சிஸ்டத்தில் இருந்த காற்றையும் எடுத்துவிட்டார். இப்போது தொப்பூர் வரை போனாலும் முள் நடுவை விட்டு நகர்வதில்லை, ஹீட்டரும் நன்றாகச் சுடுகிறது.

முதல் ஒர்க்‌ஷாப்பில் பழைய ஹீட்டர் கோரைக் கேட்டேன், பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றார்கள். பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்கள். அவர்கள் கழட்டி மாட்டிய டேஷ்போர்டு இன்றும் மேடு பள்ளத்தில் கடகடக்கிறது.