தகடு, தின்னர், எலுமிச்சை முள்: மூன்று கையுறைகள் எங்கே தாங்கும், எங்கே கைவிடும்

மாடித் தோட்டத்துக்கு ஜிஐ தகட்டில் ஒரு தொட்டி அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டை வெட்டி மடித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பெயின்ட் அடித்து, மண் நிரப்பி எலுமிச்சை வைக்கிறோம். பிறகு வருடா வருடம் கவாத்து, நடுநடுவே பூச்சி மருந்து. இந்த வேலையில் கைக்கு வரும் ஆபத்துகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. தகட்டின் விளிம்பு அறுக்கும், தின்னர் ஊறி உள்ளே வரும், முள் குத்தும். இத்தனைக்கும் ஒரே ஜோடி போதும் என்று நினைத்து வாங்கினால், ஏதாவது ஒரு இடத்தில் அது கட்டாயம் கைவிடும்.

நீண்ட நாள் புழக்கத்தில் நிற்பவை மூன்று. வெட்டு தாங்கும் பின்னல் கையுறை, 33 செ.மீ. நீளப் பச்சை நைட்ரைல், ஆட்டுத்தோல் கையுறை. இவற்றை வேலை நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம்.

முதலில் தகடு. 0.5 மி.மீ. ஜிஐ தகட்டைக் கத்தரியால் வெட்டினால் விளிம்பில் பிசிறு எழும். அழுத்திப் பிடித்தால் அது பெரும்பாலும் அறுக்காது. தகடு கையிலிருந்து வழுக்கும் அந்தக் கணத்தில்தான் அறுக்கும். அதனால் கையுறையின் நூல் எவ்வளவு உறுதியோ, உள்ளங்கைப் பூச்சு எவ்வளவு பிடிக்கிறதோ, இரண்டும் சமமாக முக்கியம். புதுத் தகட்டில் எண்ணெய் இருக்கும். வழவழப்பான பாலியூரிதேன் பூச்சு அதில் வழுக்கும். மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருக்கும் நைட்ரைல் பூச்சு எண்ணெயிலும் பிடிக்கும். தகடு வேலைக்கு இதுதான் என் தேர்வு.

கையுறையின் பின்புறத்தில் சுத்தியல் படம் போட்டு EN 388 என்ற ஐரோப்பியத் தரக் குறியும், அதன் கீழ் 4X43C போல ஒரு வரியும் இருக்கும். முதல் எண் தேய்மானத்துக்கு. இரண்டாவது, வட்டக் கத்தியை ஓட்டிப் பார்க்கும் பழைய வெட்டுச் சோதனை. கண்ணாடி இழையோ எஃகு இழையோ கலந்த நூலில் அந்தக் கத்தி மழுங்கிவிடுவதால் எண் நம்பும்படி வராது. அதனால்தான் பல கையுறைகளில் அந்த இடத்தில் X இருக்கிறது. குறை என்று அதற்குப் பொருள் இல்லை. மூன்றாவது எண் கிழிசலுக்கு, நான்காவது குத்தலுக்கு. கடைசி எழுத்துதான் நாம் பார்க்க வேண்டிய வெட்டுத் தரம். A என்றால் 2 நியூட்டன் விசையில் அழுத்தும் கத்தியைத் தாங்கும், C என்றால் 10, D என்றால் 15, F என்றால் 30. சிறு தகடுகளைக் கையால் வெட்ட C போதும். எட்டடித் தகட்டைத் தூக்கி நகர்த்துவதாக இருந்தால் அதன் எடை முழுக்க விளிம்பில் இறங்கும், அதற்கு D வேண்டும். தேவையில்லாமல் F வாங்கினால் கை தடித்துப்போய், ரிவெட்டை எடுக்க முடியாமல் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு வேலை பார்ப்பீர்கள். பெரும்பாலான வெட்டுக்காயம் அந்த நேரத்தில்தான்.

இந்தப் பின்னலுக்கு மூன்று பலவீனங்கள். முதலாவது, வெப்பம். விலை மலிவாகவும் மிருதுவாகவும் கிடைப்பவற்றில் இருப்பது உயர்திறன் பாலிஎதிலீன் நூல். அது 150 டிகிரிக்குச் சற்று முன்பாகவே உருகும். கிரைண்டர் பொறி பட்டால் ஊசிமுனை அளவு கருப்புப் புள்ளியாகச் சுருங்கும். தொட்டுப் பார்த்தால் அந்த இடம் கெட்டியாக இருக்கும். அப்படி நாலைந்து புள்ளி ஒரே விரலில் வந்துவிட்டால், அந்த விரலுக்கு இனி எழுத்துத் தரம் இல்லை. அராமிட் நூல் உருகாது, ஆனால் வெயிலிலும் பிளீச்சிங் பவுடரிலும் பலம் இழக்கும். பாலிஎதிலீனுக்கு அந்த இரண்டாலும் அவ்வளவு கேடில்லை.

இரண்டாவது, சுழலும் எந்திரம். தகட்டில் துளை போடும்போது எந்தக் கையுறையும் வேண்டாம். தொளதொளவென்ற விரல் நுனி டிரில் பிட்டில் சிக்கினால், சாதாரணப் பருத்தி நூலாவது அறுந்து விரலை விட்டுவிட வாய்ப்புண்டு. வெட்டு தாங்கும் நூல் அறுந்துபோகாது என்பதுதான் அதன் பெருமை. அதே காரணத்தால் அது விரலையும் சேர்த்துச் சுற்றி இழுக்கும். தகட்டை கிளாம்பில் இறுக்கிவிட்டு வெறுங்கையால் டிரில் போடுங்கள். பெஞ்ச் கிரைண்டருக்கும் இதே விதி.

மூன்றாவதை முள்ளிடம் வரும்போது சொல்கிறேன்.

அடுத்தது துடைப்பதும் பெயின்ட்டும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தகடு வேலைக் கையுறையிலும் தோட்டக் கையுறையிலும் "நைட்ரைல்" என்று எழுதியிருக்கும். அதில் நைட்ரைல் இருப்பது உள்ளங்கையில் மட்டும். புறங்கை வெறும் பின்னல். அதைப் போட்டுக்கொண்டு மருந்து கலந்தால், சிந்தியது பின்னலில் ஊறி தோலோடு ஒட்டியே நிற்கும், வெறுங்கையில் பட்டுக் கழுவுவதைவிட அது மோசம். ரசாயனத்துக்கு வேண்டியது விரல் நுனி முதல் முன்கை வரை இடைவெளியே இல்லாத, உள்ளே பஞ்சு ஒட்டாத, 0.38 மி.மீ. தடிமனான பச்சை நைட்ரைல். மருத்துவமனையில் போடும் நீல நிற ஒருமுறைக் கையுறை 0.1 மி.மீ. சுற்றளவில்தான் இருக்கும். தெறிக்கும் துளிக்கு அது பரவாயில்லை, அதுவும் பட்டவுடன் கழற்றிப் போட வேண்டும்.

நைட்ரைல் எதையும் தாங்கும் என்பது தவறு. பெட்ரோல், டீசல், மினரல் டர்பன்டைன், காஸ்டிக் சோடாக் கரைசல் ஆகியவற்றை நன்றாகத் தாங்கும். அசிட்டோனும் அதன் இனத்துக் கரைப்பான்களும் அதில் ஓட்டை இல்லாமலே ஊடுருவும். ரப்பருக்குள் கரைந்து, மறுபக்கம் ஆவியாக வெளிவரும். என்சி தின்னரில் டொலுவினோடு இந்த வகைக் கரைப்பான்களும் கலந்திருக்கும். அதில் துணியை நனைத்துத் தகடு துடைத்தால், கொஞ்ச நேரத்தில் விரல் நுனி தொளதொளவென்று உப்பி, இன்னொரு அளவுக் கையுறை மாதிரி பெரிதாகும். உள்ளே சில்லென்ற உணர்வோ தின்னர் வாசமோ வந்தால் அது ஏற்கெனவே தோலைத் தொட்டுவிட்டது. காய்ந்ததும் பழைய அளவுக்குச் சுருங்கி நல்ல கையுறை போலவே தெரியும் என்பதுதான் ஏமாற்றம். உள்ளே தங்கிய தின்னர் அடுத்த முறை போடும்போது உடனே கைக்கு வரும்.

இந்தச் சிக்கலுக்குக் கையுறையை மாற்றுவதைவிட திரவத்தை மாற்றுவது எளிது. எண்ணெயை மினரல் டர்பன்டைனில் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். எனாமல் பெயின்ட்டை நீர்க்கச் செய்யவும் பிரஷ் கழுவவும் அதே டர்பன்டைன் போதும். அசிட்டோன் தவிர்க்கவே முடியாத வேலை என்றால் பியூட்டைல் ரப்பர் கையுறை இருக்கிறது. விலை பல மடங்கு.

வாங்கும்போது குடுவைப் படத்தின் கீழுள்ள எழுத்துகளைப் பாருங்கள். EN ISO 374 தரத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு ரசாயனம். B அசிட்டோன், F டொலுவின், J ஹெப்டேன், K 40 சதவீதக் காஸ்டிக் சோடா, L 96 சதவீதக் கந்தக அமிலம். இருக்கும் எழுத்துகள் தாங்குபவை. பச்சை நைட்ரைலில் J, K இருக்கும், B இருக்காது. தின்னர் டப்பாவைத் திறக்கும் முன் இந்த ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி எலுமிச்சை. முன்பு தள்ளிவைத்த பின்னலின் மூன்றாவது பலவீனம் இங்கேதான். எலுமிச்சை முள் நூலை அறுப்பதில்லை, இரண்டு இழைக்கு நடுவே இடம் கண்டுபிடித்து நுழைகிறது. F தரமே ஆனாலும் பின்னலில் அந்த இடைவெளி உண்டு. குத்தல் எண் 4 என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அந்தச் சோதனையில் அழுத்துவது உருண்டை முனையுள்ள தடித்த எஃகுக் கம்பி. ஆணியின் மொண்ணைத் தலையை அது ஒக்கும், முள்ளை ஒக்காது.

தோலில் இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால் முள்ளுக்கு நேர்வழி கிடைப்பதில்லை. ஆட்டுத்தோல் மெல்லியது, ஆனால் நெருக்கமானது. கவாத்துக் கத்தரியின் பூட்டை அதைப் போட்டுக்கொண்டே திறக்கலாம். வெல்டிங்குக்கு விற்கும் மாட்டுப் பிளவுத்தோல் தடியாக இருந்தாலும் இழை தளர்ந்தது. அது பொறிக்கும் சூட்டுக்கும் உரியது. கிளைக்குள் கையை நுழைத்து வெளியே இழுக்கும்போது கீறுவது முன்கையைத்தான், ஆகவே மணிக்கட்டைத் தாண்டி 15 செ.மீ.யாவது நீளம் வேண்டும். அதுவும் முழுக் காப்பு அல்ல. முதிர்ந்த முள்ளை நேராக அழுத்தினால் ஆட்டுத்தோலையும் துளைக்கும். வெட்டிய கிளையை அள்ளி அமுக்காமல், வெட்டுமுனையைப் பிடித்து எடுங்கள்.

தோல் கையுறையில் முதலில் போவது தோல் அல்ல, தையல். வியர்வையில் பருத்தி நூல் மக்கி, கட்டைவிரல் கவட்டில் பிரியும். நைலான் நூலில் தைத்ததை வாங்கினால் தோல் தேயும்வரை வரும். நனைந்தால் நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் பலகையாகிவிடும், மடிப்பில் வெடிக்கும்.

தோல் கையுறையோடு பூச்சி மருந்தை மட்டும் தொடாதீர்கள். தோல் மருந்தை உறிஞ்சும், கழுவினாலும் போகாது. கவாத்து முடிந்த கையோடு அதே கையுறையில் ஸ்பிரேயரைத் தூக்குவதுதான் வழக்கமான தவறு. அடுத்த வாரம் வியர்க்கும்போது அந்த மருந்து கைக்குத் திரும்பும். மருந்து சிந்திய தோல் கையுறையைக் கத்தரித்துத் தூக்கியெறிய வேண்டியதுதான்.

மருந்துக்குப் பச்சை நைட்ரைல். மிக ஆபத்தான நிமிடம் அடிக்கும் நேரமல்ல, மூடி திறந்து அளக்கும் நேரம். தண்ணீரில் ஊற்றினால் பால்போலக் கலங்கும் இ.சி. வகை மருந்தில் கரைப்பானும் இருக்கும், தண்ணீரும் இன்னும் சேரவில்லை. கையைத் தொங்கவிட்டு அடிப்பதாக இருந்தால் சட்டைக் கையை கையுறைக்கு மேலே விடுங்கள். மரத்தை அண்ணாந்து அடித்தால் சட்டைக் கையை உள்ளே விட்டு, கையுறை விளிம்பை இரண்டு விரற்கடை வெளிப்புறமாக மடித்துவிடுங்கள், வழியும் துளி அந்த மடிப்பில் நிற்கும்.

முடிந்ததும் கையுறை கையில் இருக்கும்போதே சோப்புப் போட்டு வெளிப்புறத்தைக் கழுவுங்கள், பிறகு கழற்றுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை வாயை முறுக்கிக் காற்றை அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வருவது பெரும்பாலும் விரல் கவட்டிலிருந்தும், நகம் உரசும் நுனியிலிருந்தும். ஒரே ஒரு குமிழி வந்தாலும் அந்த ஜோடி இனி உரம் கலக்கவோ சாக்கடை அள்ளவோகூட வேண்டாம், குப்பைக்குத்தான்.