மண்டபமா, நான்கு வரியா?

கிளிநொச்சியில் வீட்டு வரைபடம் வரைந்து பிழைக்கிறேன். கூட்டம் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தொழில் தொடர்புக்கு இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டேன்.

முதலாவது, வவுனியா மண்டபங்களில் நடக்கும் ஒன்றுகூடல். பஸ்ஸில் போய் இருபது பேரிடம் அட்டை வாங்கினேன். ஒரு வாரத்தில் முகங்கள் மறந்துபோயின. முற்றிலும் புதியவர்களைச் சந்திக்க மட்டும் அது உதவும்.

இரண்டாவது, முன்பே அறிமுகமானவருக்கு நான்கு வரிக் குறுஞ்செய்தி. எங்கே சந்தித்தோம், இப்போது என்ன செய்கிறேன், ஒரே கேள்வி, அவசரமில்லை என்ற குறிப்பு. முன்பு உடன் வேலை செய்த மேற்பார்வையாளருக்கு, “அண்ணை, பரந்தன் பக்கக் களிமண்ணில் அத்திவாரத்தை எவ்வளவு ஆழம் போட்டீர்கள்?” என்று எழுதினேன். பதிலோடு, “யாருக்கு வரைகிறாய்?” என்றும் கேட்டார். எதிர்க்கேள்வி வந்தால் தொடர்பு உயிரோடிருக்கிறது. அவர் சொன்னபடி கட்டி முடிந்ததும் படம் அனுப்பினேன். பிறகு அவரே ஒரு வீட்டுக்காரரை அனுப்பிவைத்தார். முதல் வரியிலேயே வேலை கேட்டிருந்தால் மௌனம்தான்.

வேலைத் தகவல் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறை அறிமுகங்கள் வழியே அதிகம் வருவதை 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் விளக்கினார். நண்பர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்குமே.

என் தேர்வு நான்கு வரிதான். குறுஞ்செய்தி பார்க்காத மூத்த மேசன்மாரிடம் மட்டும், வேலைத்தளத்துக்கே போய்ப் பத்து நிமிடம் நிற்கிறேன்.