நமக்குப் பின் வீட்டார் போட்டோக்களை எடுக்க: நோட்டுப் புத்தகமா, கூகுள் ஏற்பாடா, ஆப்பிள் ஏற்பாடா?

கிளவுடில் கிடக்கும் போட்டோக்களை நம் காலத்துக்குப் பிறகு வீட்டார் எடுக்க வேண்டும் என்றால் பொதுவாக மூன்று வழிகள். பாஸ்வேர்டை எழுதி வைப்பது, கூகுளின் Inactive Account Manager, ஆப்பிளின் Legacy Contact. எத்தனை நாளில் கதவு திறக்கும், திறக்க என்ன கையில் இருக்க வேண்டும், எங்கே சிக்கும் என்ற மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி பீரோவில் வைப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. இதன் பலம் வேகம். இறப்புச் சான்றிதழ் வேண்டாம், காத்திருப்பு இல்லை, அன்றைக்கே திறக்கலாம். ஆனால் புது லேப்டாப்பில் அந்தப் பாஸ்வேர்டை அடித்ததும் பெரும்பாலும் இரண்டாவது சரிபார்ப்பு கேட்கும். அது இறந்தவரின் போனுக்கோ அவருடைய சிம்முக்கோ போகும். போனின் பின் எண் யாருக்கும் தெரியாது. ரீசார்ஜ் செய்யாத சிம் 90 நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் நிறுவனம் அதை முடக்கிவிடலாம், அப்புறம் அதே எண் வேறு ஒருவருக்குப் போய்விடும். அதற்குப் பிறகு சரியான பாஸ்வேர்டு இருந்தும் பயனில்லை.

ஆகவே நோட்டு வழியை நம்புகிறவர்கள் பாஸ்வேர்டோடு நிறுத்தக் கூடாது. போனின் பின் எண்ணும் வேண்டும். கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் Backup codes என்ற பகுதியில் எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும், அதை அச்செடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். புதிதாக ஒரு தொகுப்பு எடுத்தால் பழைய தாள் செல்லாது என்பதால், எடுத்த தேதியைத் தாளின் மேல் எழுதிவிடுங்கள். இந்த வழியில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு: போட்டோவுக்காகக் கொடுக்கும் சாவி மொத்த ஜிமெயிலையும் திறந்துவிடும்.

கூகுள் ஏற்பாட்டில் அந்தக் குறை இல்லை. myaccount.google.com/inactive பக்கத்தில் போய், கணக்கு எத்தனை மாதம் அசையாமல் இருந்தால் நடவடிக்கை தொடங்க வேண்டும் என்று சொல்லலாம்: 3, 6, 12 அல்லது 18 மாதம். நம்பகமானவர்கள் பத்துப் பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் எதெதைத் தருவது என்று தேர்ந்தெடுக்கலாம், மகளுக்கு Google Photos மட்டும் போதும் என்றால் அதை மட்டும் டிக் செய்தால் சரி. கெடு முடிந்ததும் அவருக்கு மின்னஞ்சல் போகும், அவருடைய போனுக்கு வரும் எண்ணை உள்ளிட்டால் மூன்று மாதம் வரை டவுன்லோடு செய்யலாம். கணக்கில் நுழைய முடியாது, நகல் மட்டும்தான்.

நடைமுறையில் இது எப்படி ஓடும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காரைக்குடியில் எழுபது வயது அப்பா, ஆண்ட்ராய்டு போன், கோயம்புத்தூரில் மகள். கெடு 3 மாதம். அப்பா ஜனவரி 10-இல் இறக்கிறார், போனை அன்றே அணைத்துவிடுகிறார்கள். கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, மார்ச் 10 வாக்கில், எச்சரிக்கை அப்பாவின் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்குமே போகும். ஏப்ரல் 10 வாக்கில் மகளுக்கு மின்னஞ்சல் வரும். ஜூலைக்குள் அவர் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது அம்மா அந்தப் போனைத் தன்னோடு வைத்துக்கொண்டு தினமும் பேசப் பயன்படுத்துகிறார் என்று வையுங்கள். வீடுகளில் இதுதான் நடக்கும். அப்பாவின் கணக்கு உள்ள ஆண்ட்ராய்டு போன் இணையத்தில் இருக்கும்வரை கூகுளின் கண்ணுக்கு அப்பா உயிரோடு இருக்கிறார். கெடு தொடங்கவே தொடங்காது. மகள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாலும் மின்னஞ்சல் வராது. அப்படிப்பட்ட வீட்டில் போனின் பின் எண் தெரிந்தாலே போதும், அந்தப் போனிலிருந்தே போட்டோக்களை எடுத்துவிடலாம். இரண்டு வழியையும் ஒரே போனில் கலந்துவிடுவதுதான் ஆபத்து.

இன்னும் இரண்டு இடத்தில் சிக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்யும்போது மகளுக்கு எந்தத் தகவலும் போகாது. மாதங்கள் கழித்து, இறந்துபோன அப்பாவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தால் மோசடி என்று அழித்துவிடுவார். நேரில் சொல்லி வைத்தே ஆக வேண்டும். அவர் போன் எண்ணை மாற்றினால் அப்பா இந்தப் பக்கத்திலும் மாற்ற வேண்டும். கடைசியில் கணக்கை அழித்துவிடலாமா என்று கேட்கும் இடத்தில், வேண்டாம் என்று விடுங்கள். எப்படியும் இரண்டு ஆண்டு அசையாத கணக்குகளை கூகுள் அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது.

ஆப்பிள் ஏற்பாடு 2021 டிசம்பரில் ஐஓஎஸ் 15.2-உடன் வந்தது. ஐபோன் Settings-இல் பெயரைத் தொட்டு, Sign-In & Security, அதற்குள் Legacy Contact. ஐந்து பேர் வரை சேர்க்கலாம், அவர்களிடம் ஐபோன் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சேர்த்ததும் ஒரு Access Key உருவாகும், அதை அச்செடுத்துக் கொடுக்கலாம். பிறகு அவர் digital-legacy.apple.com-இல் அந்தச் சாவியையும் இறப்புச் சான்றிதழையும் கொடுத்தால் ஆப்பிள் சரிபார்த்துத் திறந்துவிடும். மாதக்கணக்கில் கெடு இல்லை, எடுத்துக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம். என் பார்வையில் மூன்றில் இதுவே மேல். பாஸ்வேர்டுகளும் கார்டு விவரமும் இதில் போகாது என்பதும் நல்லதே. சேர்த்தவர்களில் யார் ஒருவரும் தனியாகவே எல்லாவற்றையும் அழிக்கவும் முடியும் என்பதால், ஆளைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

ஆனால் ஐகிளவுடில் இருப்பது மட்டுமே கிடைக்கும். இலவச 5 ஜிபி நிரம்பி iCloud Photos அணைந்து கிடந்தால் போட்டோக்கள் போனில் மட்டும்தான் இருக்கும், போனின் பாஸ்கோடு தெரியாமல் அவற்றை ஆப்பிளாலும் எடுத்துத் தர இயலாது. நம் ஊரில் ஐபோன் வைத்துக்கொண்டு கூகுள் போட்டோஸில் சேமிப்பவர்களும் நிறைய. அவர்களுக்கு வேண்டியது கூகுள் ஏற்பாடு.

எதையுமே செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் வழக்கு ஒன்று உண்டு. 2015-இல் இறந்த கணவரின் ஆப்பிள் கணக்கிலிருந்த குடும்பப் படங்களைப் பெற, மனைவிக்கு நீதிமன்ற உத்தரவு கிடைத்தது 2019-இல்.

கணவன் மனைவிக்குள் மறைக்க ஒன்றுமில்லை என்றால், உயிரோடு இருக்கும்போதே கூகுள் போட்டோஸில் Partner sharing போட்டுவிடலாம். அதில் மற்றவர் தன் கணக்கில் சேமிக்கும் வசதியையும் இயக்க வேண்டும். வெறும் பகிர்வு மட்டும் என்றால் மூலக் கணக்கு அழியும்போது படங்களும் போய்விடும்.

கூகுள் பயனருக்கு என் தேர்வு 3 மாதக் கெடு, கூடவே போனின் பின் எண் எழுதிய ஒரு தாள். அந்தத் தாள் இப்படி இருந்தால் போதும்:

"கண்ணு, போட்டோ எல்லாம் இந்த ஜிமெயில் கணக்கில் இருக்கு. போன் பின் எண் கீழே எழுதியிருக்கேன். முதலில் போனைத் திறந்து, பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கி, எல்லாத்தையும் அதில் எடுத்துக்கோ. சிம்முக்கு ஆறு மாசம் ரீசார்ஜ் பண்ணிடு. போன் திறக்கலைன்னா அதை அணைச்சு வை, அம்மாவுக்கு வேற போன் வாங்கிக் கொடு. மூணு மாசம் கழிச்சு கூகுளிலிருந்து உனக்கு மெயில் வரும், அது நான் ஏற்பாடு பண்ணினதுதான். வந்த மூணு மாசத்துக்குள்ளே எடுத்துடு."

இதன் கீழே பின் எண்ணும் எழுதிய தேதியும். பின் எண்ணை மாற்றினால் அன்றே தாளையும் மாற்றி எழுத வேண்டும்.