ஒரு கோடி முறை 0.1 கூட்டினால்: சாதா லூப், ஜோடிக் கூட்டல், கஹான், fsum, பைசா

பைத்தானில் 0.1 என்ற எண்ணை `for` லூப்பில் ஒரு கோடி முறை கூட்டிப் பாருங்கள். பத்து லட்சம் வர வேண்டிய இடத்தில் `999999.9998389754` வரும். பத்தே முறை கூட்டினாலும் `0.9999999999999999`தான்.

இதில் இரண்டு தவறுகள் கலந்திருக்கின்றன. முதலாவது, பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது. மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதத் தொடங்கினால் முடிவே வராது அல்லவா, அதே கதை. அதனால் கணினி 0.1-ஐவிட மிகச் சிறிதளவு பெரிய எண்ணைச் சேமிக்கிறது. ஆனால் அந்த எண் பெரியது என்றால் விடை கூடியிருக்க வேண்டுமே, ஏன் குறைந்தது? காரணம் இரண்டாவது தவறு: ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் விடை 53 பிட்டுக்குள் அடங்கும்படி ரவுண்ட் ஆகிறது. கூட்டுத்தொகை வளர வளர, சேர்க்கும் சிறிய எண்ணின் கடைசி இலக்கங்கள் உதிர்கின்றன. மேலே கண்ட பிழையில் பெரும்பகுதி இதுதான்.

நான்கு இலக்கம் மட்டுமே தாங்கும் கால்குலேட்டர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1234-உடன் 0.4 சேர்த்தால் 1234.4, நான்கு இலக்கத்துக்கு ரவுண்ட் செய்தால் மறுபடி 1234. நூறு முறை சேர்த்தாலும் 1234தான். நாற்பது முழுதாகக் காணாமல் போகிறது. சாதா லூப்பின் சிக்கல் இவ்வளவுதான்.

ஜோடிக் கூட்டல் இதைச் சுற்றிப் போகிறது. பட்டியலை இரண்டாகப் பிரித்து, அவற்றையும் பிரித்து, சிறிய கூட்டுத்தொகைகளை ஒன்றோடொன்று சேர்க்கிறது. ஒத்த அளவுள்ள எண்கள் சந்திப்பதால் உதிர்வு குறைவு. ஒரு கோடி எண்களில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 24 ரவுண்டிங்கை மட்டுமே கடக்கிறது. வேகமும் குறையாது. நம்பையின் `np.sum` இந்த வழியில்தான் கூட்டுகிறது. ஆனால் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் திசையில் கூட்டினால்தான் இந்தப் பலன். சாதாரண இருபரிமாண அணியில் `axis=0` கொடுத்தால் பெரும்பாலும் கிடைக்காது. `float32` அணிகளில் இதைக் கவனிக்காமல் விட்டால் வலிக்கும்: அங்கே 1-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போனால் 16777216-இல் எண் நின்றுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது வில்லியம் கஹான் 1965-இல் வெளியிட்ட முறை. உதிர்ந்ததை எறியாமல் `c`-இல் எடுத்து வைத்து, அடுத்த எண்ணோடு சேர்க்கிறது.

```python
s = c = 0.0
for x in values:
    y = x - c
    t = s + y
    c = (t - s) - y
    s = t
```

அதே கால்குலேட்டரில் 1234-உடன் 0.4-ஐ ஐந்து முறை சேர்ப்போம். முதல் முறை விடை 1234, உதிர்ந்த 0.4 `c`-இல் −0.4 ஆகத் தங்குகிறது. இரண்டாம் முறை சேர்ப்பது 0.8, விடை 1235, இப்போது 0.2 கூடுதலாகப் போய்விட்டது, அதையும் `c` குறித்துக்கொள்கிறது. மூன்றாம் முறை 0.2 மட்டும் சேர்கிறது, விடை 1235. நான்காம் முறை 0.6, விடை 1236. கூடுதலாகப் போனது 0.4. ஐந்தாம் முறை சேர்க்க எதுவும் மிச்சமில்லை. விடை 1236, சரியான விடையும் அதுவே.

சி மொழியில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். `-ffast-math` கொடுத்தால் `(t - s) - y` எப்போதும் பூஜ்யம்தானே என்று கம்பைலர் அந்த வரியையே நீக்கிவிடலாம். முறை மீண்டும் சாதா லூப்பாகிவிடும். அப்புறம், புதிதாக வரும் எண் கூட்டுத்தொகையைவிட மிகப் பெரியதாக இருந்தால் கஹான் தடுமாறும். `[1, 1e100, 1, -1e100]`-க்கு 2 வர வேண்டும், கஹான் 0 தரும். 1974-இல் நியூமையர் செய்த திருத்தம் 2 தரும். பைத்தான் 3.12 முதல் `sum()` இந்தத் திருத்திய வழியில்தான் கூட்டுகிறது. ஆகவே கையால் எழுதிய லூப்பும் `sum()`-உம் வெவ்வேறு விடை தந்தால் திகைக்க வேண்டாம்.

`math.fsum` இன்னும் ஒரு படி மேலே. உதிர்வது எதையும் விடாமல் வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு முறை ரவுண்ட் செய்கிறது. வேகம் குறையும், ஆனால் சில லட்சம் அளவீடுகளுக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

இருந்தாலும் `math.fsum([0.1, 0.2])` தருவது `0.30000000000000004`. கூட்டலில் தவறே இல்லை. உள்ளே வந்த எண்களே சரியான 0.1, 0.2 அல்ல. முதல் தவறை எந்தக் கூட்டல் முறையாலும் சரிசெய்ய முடியாது.

அதனால் பணக் கணக்கில் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாகவே வையுங்கள், கூட்டல் பிசகாது. `Decimal`-உம் சரிதான், 0.1-ஐச் சரமாக `Decimal("0.1")` என்று கொடுத்தால். மேற்கோள் குறியை விட்டுவிட்டால் பழைய பிழையும் உள்ளே வந்துவிடும். வகுக்கும்போது மட்டும் முடிவு உங்களுடையது: 100 ரூபாயை மூவருக்குப் பிரித்தால் 3333, 3333, 3334 பைசா. அந்த ஒரு பைசா யாருக்கு என்பதை நிரலில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.