இரண்டு ஷிப்டா, இயந்திர வரிசை மாற்றமா? கோத்தகிரி தேயிலை ஆலைக்கு ஒரு லோடு ஃபேக்டர் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் பச்சை இலையை விலைக்கு வாங்கி அரைக்கும் சிறு ஆலை ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். உயர் அழுத்த இணைப்பு. ஒரே நேரத்தில் இவ்வளவு வரை இழுப்போம் என்று மின்வாரியத்திடம் எழுதிக்கொடுத்த ஒப்பந்த டிமாண்ட் 250 கேவிஏ. ஜனவரி முதல் மார்ச் வரை இலை குறைவு. மற்ற ஒன்பது மாதமும் மாதத்துக்குச் சுமார் 54,000 யூனிட் ஓடுகிறது. மீட்டரில் பதிவாகும் அதிகபட்ச டிமாண்ட் 240 கேவிஏ, பவர் ஃபேக்டர் 0.95.

லோடு ஃபேக்டர் = 54,000 ÷ (240 × 0.95 × 720) = சுமார் 33 சதவீதம்.

720 என்பது முப்பது நாளின் மணி நேரம். மாதத்தில் ஏதோ ஓர் அரை மணி நேரம் தொட்ட உச்சத்திலேயே மாதம் முழுக்க ஓடியிருந்தால் எவ்வளவு யூனிட் வந்திருக்குமோ, அதில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் ஓடியிருக்கிறது. ஆனால் டிமாண்ட் கட்டணம் அந்த உச்சத்துக்குத்தான். எளிமைக்காக கேவிஏவுக்கு 600 ரூபாய், யூனிட்டுக்கு 7.50 என்று வைக்கிறேன். உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். 240 கேவிஏவுக்கு 1,44,000 ரூபாய். ஒவ்வொரு யூனிட்டின் தலையிலும் 2.67 ரூபாய் கூடுதலாக ஏறுகிறது.

இந்த உச்சம் காலையில் வருகிறது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இரண்டு சிடிசி லைனும் டிரையரும் ஓடத் தொடங்கிய பிறகும், இரவெல்லாம் சுற்றிய வாட்டல் தொட்டி விசிறிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சில வினாடி விஷயம். மீட்டர் எடுப்பது 30 அல்லது 15 நிமிடச் சராசரியை. எவையெல்லாம் சேர்ந்தே ஓடுகின்றன என்பதுதான் இங்கே கேள்வி.

முதல் வழி, ஒரே லைனை இரண்டு ஷிப்டாக 16 மணி நேரம் ஓட்டுவது. உச்சம் 160க்கு இறங்கும், டிமாண்ட் கட்டணம் 96,000 ஆகும். காகிதத்தில் மாதம் 48,000 மிச்சம். ஆனால் டிரையர் விசிறி பாதிச் சரக்குக்கும் ஏறக்குறைய அதே மின்சாரத்தைத் தின்றுகொண்டு இருமடங்கு நேரம் சுற்றும். 2,500 யூனிட் கூடினால் 18,750 ரூபாய் போய்விடும், மீதி 29,250. இரண்டாவது ஷிப்டுக்கான கூலியும், காட்டுமாடு நிற்கும் பாதையில் இரவில் ஆட்களைக் கொண்டுவிடும் ஜீப் வாடகையும் இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வாட்டிய இலை கூடுதல் நேரம் காத்திருந்து தரம் இறங்கினால், ஏலத்தில் வரும் நஷ்டம் தனி.

இரண்டாவது வழி, ஷிப்டைத் தொடாமல் வரிசையை மாற்றுவது. முதல் லைனுக்கு இலை எடுத்துக் காலியான தொட்டியின் விசிறியை உடனே நிறுத்த வேண்டும். அதன் பிறகே இரண்டாவது லைன். தரம் பிரிக்கும் சல்லடை இயந்திரங்களை இரண்டு லைனும் ஓடும் நேரத்தில் ஓட்டாமல் மதியத்துக்குத் தள்ளலாம். உச்சம் 200க்கு வந்தால் கட்டணம் 1,20,000. மாதம் 24,000 மிச்சம், கூலி ஏறவில்லை, இலை காத்திருக்கவில்லை.

முதல் வழியில் லோடு ஃபேக்டர் 50 சதவீதத்தைத் தாண்டும், இரண்டாவதில் 39.5தான். ஆனாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5,250 ரூபாய். அதில் ஒரு ஷிப்டுக்குக் கூலி கொடுக்க முடியாது.

எந்த வழியில் போனாலும், ஒப்பந்த டிமாண்டைக் குறைக்காவிட்டால் முழுப் பலன் கைக்கு வராது. தமிழ்நாட்டில் உயர் அழுத்த பில், பதிவான டிமாண்ட் அல்லது ஒப்பந்தத்தில் 90 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்குப் போடப்படுகிறது. 250இல் 90 சதவீதம் 225. உச்சத்தை 200க்கு இறக்கினாலும் 225க்கே கட்டுவீர்கள், மிச்சம் 9,000தான். ஜனவரியில் 20,000 யூனிட்டும் 120 கேவிஏவும் ஓடினால் இன்னும் மோசம். அப்போதும் 1,35,000 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு 6.75. மீட்டர் உச்சத்தை வைத்துப் பார்த்தால் லோடு ஃபேக்டர் 24 சதவீதம். பில் போடப்பட்ட 225ஐ வைத்துப் பார்த்தால் 13 சதவீதம். செலவைக் காட்டுவது பின்னதுதான்.

எனவே ஒப்பந்தத்தை 220க்கு இறக்கலாம். 90 சதவீதம் 198. 200 உச்சத்தோடு ஒத்துப்போகிறது. இன்னும் துணிந்து 175க்குப் போனால்? குறைந்த மாதங்களில் மாதம் 24,300 வீதம் மூன்று மாதத்தில் 72,900 கூடுதலாக மிஞ்சும். ஆனால் ஒப்பந்தத்தைத் தாண்டும் கேவிஏவுக்கு இருமடங்கு விகிதம். மற்ற மாதங்களில் 25 கேவிஏ தாண்டினால் மாதம் 15,000 அதிகம், ஒன்பது மாதத்தில் 1,35,000. 175 கட்டாது.

விண்ணப்பம் கொடுப்பதற்கு முன், இலை அதிகம் வரும் மாதம் ஒன்றில் எந்த நேரத்தில் எவ்வளவு டிமாண்ட் இருந்தது என்று காட்டும் லோடு சர்வேயை மீட்டரிலிருந்து எடுத்துப் பாருங்கள். விசிறியை நிறுத்திய பிறகும் காலை உச்சம் 200ஐத் தாண்டி நின்றால், 220 உங்கள் ஆலைக்கு இறுக்கம். இன்னும் கொஞ்சம் மேலேதான் வைக்க வேண்டும்.