கொய்யாவா, ஆப்பிளா?

மலச்சிக்கலால் அவதிப்படும் அம்மாவுக்குத் தினமும் எந்தப் பழம் வாங்குவது என்று பெரம்பூரில் இருக்கும் என் தங்கை கேட்டாள். கொய்யா, ஆப்பிள் இரண்டில் ஒன்று என்பதுதான் அவள் குழப்பம்.

நார்ச்சத்து: 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்குக் குறையாது. தோலுடன் ஆப்பிளில் அதில் பாதிகூட இல்லை, சுமார் 2.4 கிராம். தோலைச் சீவினால் அதுவும் ஏறக்குறைய பாதியாகிவிடும். அம்மா எப்போதும் சீவித்தான் சாப்பிடுவார்!

விலை: கொய்யா தள்ளுவண்டியிலேயே மலிவாகக் கிடைக்கும். ஆப்பிள் பெரும்பாலும் அதைவிட விலை அதிகம்.

தாங்கும் காலம்: பழுத்த கொய்யா இரண்டு மூன்று நாள்தான். ஆப்பிள் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் இருக்கும்.

மெல்லுவது: இங்கே கொய்யா தோற்கிறது. பல்செட்டுக்கு அடியில் விதை போய் உறுத்தும். அம்மாவுக்கும் பல்செட்தான். அதனால் நன்கு கனிந்த பேரிக்காயைத் தோலுடன் மெல்லிசாக நறுக்கித் தரச் சொன்னேன். நடுத்தரப் பழம் ஒன்றில் சுமார் 5 கிராம் நார் உண்டு.

பல் நன்றாக இருப்பவர்களுக்குத் தினம் ஒரு நடுத்தரக் கொய்யா போதும். வாரம் ஒருமுறை வாங்கி வைப்பவர்களுக்கு ஆப்பிள், தோலுடன். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் நல்லதுதான், ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். அவித்தது 100 கிராம் எடுத்தால் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், முதல் வாரம் அரைப் பழம்தான். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.