திருப்பி அனுப்பிய சரக்குக்கு வந்த கிரெடிட் நோட்டில் 8,850 ரூபாய் போச்சு. கடைக்காரர்கள் கவனிக்க

நேற்று சாயங்காலம்தான் அந்த மொத்தக் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. "நோட்டு போட்டது போட்டதுதான் சார்." வயிறு எரிந்துகொண்டிருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இதே கணக்கை இன்னும் எத்தனை சின்னக் கடைகளுக்குப் போட்டிருக்கிறார்களோ தெரியாது.

எனக்கு மன்னார்குடிப் பக்கம் பைப், மோட்டார் சாமான் கடை. ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நேரத்தை ஒட்டி, குறுவைக்கு நாற்றங்கால் விடுகிறவர்கள் ஹோஸ் பைப் கேட்டு வருவார்கள். அதற்காகத் திருச்சிப் பக்கத்து மொத்தக் கடை ஒன்றில் பச்சை ஹோஸ் 60 ரோல் எடுத்தேன். பெயரைப் போடவில்லை. அவர்கள் ஆள் வண்டியில் வந்து ஆர்டர் எடுத்து, மறுநாளே சரக்கு இறக்குகிற மாதிரியான கடை.

பில் இப்படி இருந்தது. ஒரு ரோல் பட்டியல் விலை 2,000. அறுபதுக்கு 1,20,000. வியாபாரத் தள்ளுபடி 25 சதவீதம், அதாவது 30,000 கழித்து 90,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 16,200. மொத்தம் 1,06,200. முழுத் தொகையையும் வங்கி வழியாக அனுப்பிவிட்டேன். பாக்கி ஒரு பைசா இல்லை.

சரக்கு விற்க ஆரம்பித்ததுமே புகார். மடிப்பு விழுந்த இடத்தில் வெடிக்கிறது, மோட்டாரைப் போட்டால் ஊசி ஊசியாகத் தண்ணீர் பீய்ச்சுகிறது. ஒரு விவசாயி ரோலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கடை வாசலில் போட்டார். இருப்பைப் பிரித்துப் பார்த்தால் 20 ரோல் அதே கதிதான். ஒரே பேட்ச், சுவர் மெல்லிசு.

போன் செய்ததும் அவர்கள் ஆள் மறுநாளே வந்தார். ரோலை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார், தாமே தூக்கி டாடா ஏஸில் ஏற்றினார். "அண்ணே, இது எங்க தப்பு. கவலையே படாதீங்க, போட்ட விலைக்கு அப்படியே கிரெடிட் நோட்டு வந்துரும். அடுத்த பில்லுல கழிச்சுக்கலாம்" என்றார். துண்டுச் சீட்டில் '20 ரோல் ரிட்டர்ன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இத்தனை வருஷப் பழக்கம், அதுவும் தப்பை ஒப்புக்கொண்டு பேசுகிற மனுஷன். யார்தான் நம்ப மாட்டார்கள்?

கிரெடிட் நோட்டு வந்தது. தொகை 26,550.

என் தங்கச்சி மகன் இப்போதுதான் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகுகிறான். அவன்தான் பில்லையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, பில்லுல ரேட்டு 2,000, இதுல 1,500-ன்னு இருக்கு. ஆனா ரெண்டுலயும் தள்ளுபடி 25-தான் போட்டிருக்கான்" என்றான்.

விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. 1,500 என்பது 25 சதவீதம் கழித்த பிறகு வந்த விலை. நோட்டில் அதையே பட்டியல் விலை போல ரேட் கட்டத்தில் போட்டு, அதிலிருந்து மறுபடியும் 25 சதவீதம் கழித்திருக்கிறார்கள். 1,500 வீதம் இருபதுக்கு 30,000. அதில் 7,500 கழித்து 22,500. ஜிஎஸ்டி 4,050 சேர்த்து 26,550. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருக்கிறது. தள்ளுபடி சதவீதமும் பில்லில் உள்ளதுதான். அதனால் நோட்டை மட்டும் தனியாகப் பார்த்தால் கண்ணில் படவே படாது.

சரியான கணக்கு: பட்டியல் விலையில் 40,000, தள்ளுபடி 10,000 போக 30,000, ஜிஎஸ்டி 5,400, மொத்தம் 35,400. வித்தியாசம் 8,850 ரூபாய். ரோலுக்கு 442.50 வீதம் என் பணம்.

இதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பில்லில் தள்ளுபடி போன தொகையை எண்ணிக்கையால் வகுங்கள்: 90,000-ஐ 60-ஆல் வகுத்தால் 1,500. நோட்டிலும் அதே மாதிரி வகுங்கள்: 22,500-ஐ 20-ஆல் வகுத்தால் 1,125. இரண்டும் ஒன்றாக வரவில்லை என்றால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே சரக்கு, ஒரே விலை என்றால் வகுக்கக்கூட வேண்டாம். அறுபதில் இருபது மூன்றில் ஒரு பங்கு. 1,06,200-இல் மூன்றில் ஒரு பங்கு 35,400. பில்லில் வண்டி வாடகை சேர்ந்திருந்தால் மட்டும் அதை முதலில் ஒதுக்கிவிட்டுப் பங்கு போடுங்கள்.

பையனுக்குப் பதிவு எழுதச் சொல்லிக்கொடுத்தபோது இன்னும் தெளிவாகப் புரிந்தது. புதிதாகக் கணக்கு எழுதுகிறவர்களுக்காக அதையும் சொல்கிறேன். வியாபாரத் தள்ளுபடி கணக்குப் புத்தகத்தில் ஏறவே ஏறாது. அது பில்லிலேயே கழிந்துவிடும். அதனால் வாங்கியபோது நாங்கள் எழுதியது 1,20,000 இல்லை, 90,000:

கொள்முதல் க/கு பற்று 90,000
உள்ளீட்டு சிஜிஎஸ்டி க/கு பற்று 8,100
உள்ளீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு பற்று 8,100
மொத்தக் கடை க/கு வரவு 1,06,200

எந்த விலைக்கு உள்ளே வந்ததோ அந்த விலைக்குத்தான் வெளியே போக வேண்டும். ஆகவே கொள்முதல் திருப்பம்:

மொத்தக் கடை க/கு பற்று 35,400
கொள்முதல் திருப்பம் க/கு வரவு 30,000
உள்ளீட்டு சிஜிஎஸ்டி க/கு வரவு 2,700
உள்ளீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு வரவு 2,700

அவர்கள் நோட்டை நம்பி இதில் 22,500 என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? மீதி 7,500 என் கொள்முதலிலேயே தங்கிவிடும். கையில் இருக்கிற 40 ரோலின் அடக்கம் 60,000-க்குப் பதில் 67,500 ஆகிவிடும். 1,500-க்கு வாங்கிய ரோல் 1,687.50-க்கு வாங்கியதாகப் புத்தகம் காட்டும். வரியிலும் சிக்கல்தான். திரும்பிப் போன சரக்குக்கு நான் 5,400 உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும், 4,050 இல்லை. இல்லாத சரக்குக்கு 1,350 வரி வரவு என் பக்கம் நின்றுகொண்டிருக்கும். நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

இதே நேரத்தில் விற்பனைத் திருப்பமும் என் கடையில் நடந்தது. அந்த விவசாயிக்கு 2,000-இல் 10 சதவீதம் தள்ளி 1,800-க்கு, வரி 324 சேர்த்து 2,124-க்குக் கொடுத்திருந்தேன். ரோல் திரும்பி வந்ததும் 2,124-ஐ அப்படியே கையில் கொடுத்தேன். அதன் பதிவு:

விற்பனைத் திருப்பம் க/கு பற்று 1,800
வெளியீட்டு சிஜிஎஸ்டி க/கு பற்று 162
வெளியீட்டு எஸ்ஜிஎஸ்டி க/கு பற்று 162
ரொக்கம் க/கு வரவு 2,124

கடனுக்கு விற்றிருந்தால் ரொக்கத்துக்குப் பதில் அவர் பெயர் வரும், அவ்வளவுதான். மொத்தக் கடைக்காரர் தன் புத்தகத்தில் எனக்கு எழுத வேண்டியதும் இதே வடிவம்தான்: விற்பனைத் திருப்பம் 30,000, வரி இரண்டும் 2,700 வீதம் பற்று, என் பெயரில் 35,400 வரவு. நான் 1,800-இல் இன்னொரு தரம் 10 சதவீதம் கழித்து அந்த விவசாயியிடம் நீட்டியிருந்தால் என்னைச் சும்மா விடுவாரா?

சரி, போன் அடித்தேன். முதலில் அந்த ஆள்: "சிஸ்டம் தானா போடுறதுண்ணே, நான் பேசிடுறேன்." அப்புறம் போனையே எடுக்கவில்லை. கடை நம்பருக்கு அடித்தால் கணக்குப்பிள்ளை லீவு. அவர் வந்த பிறகு முதலாளி வெளியூர். ஒரு வழியாக ஒருவர் பேசினார்: "பில்லுல 25 பர்சன்ட் போட்டோம், நோட்டுலயும் 25 பர்சன்ட். இதுல என்ன தப்பு?" ரேட் கட்டத்தைப் பாருங்கள் என்றேன். "உங்க ஆடிட்டரைப் பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அடுத்த தடவை கதை மாறியது. 60 எடுத்ததால்தான் 25 சதவீதமாம். இப்போது 40-தான் என்னிடம் நிற்கிறது, அதற்கு 20 சதவீதம்தானாம். பில்லில் அப்படி ஒரு நிபந்தனை ஒரு வரி கூட இல்லை. கெட்ட சரக்கை அனுப்பியதும் அவர்கள்தான். சரி, ஒரு பேச்சுக்கு அதையே ஒப்புக்கொண்டாலும் கணக்கு ஒத்துவருகிறதா? 40 ரோல் 80,000, 20 சதவீதம் போக 64,000. நான் கொடுத்தது 90,000. திரும்ப வேண்டியது வரி இல்லாமல் 26,000. அவர்கள் போட்டதோ 22,500. அவர்கள் சொன்ன சாக்குக்கே அவர்கள் கணக்கு பொருந்தவில்லை. இதைச் சொன்னதும் வந்த பதில்தான் மேலே எழுதிய "போட்டது போட்டதுதான்."

8,850 ரூபாய் ஒரு மொத்தக் கடைக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஒரு ரோல் ஹோஸில் எனக்கு நிற்பது 300 ரூபாய். முப்பது ரோல் விற்றால்தான் இந்தப் பணம் திரும்பும்.

விவரமாக எழுத நினைத்தேன், கடையில் ஆள் நிற்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சரக்கு வண்டி ஏறும்போதே பில் எண், தேதி, எண்ணிக்கை, தள்ளுபடி போன விலை, வரி, மொத்தம் எல்லாம் எழுதி உங்கள் பற்றுக்குறிப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். எண்ணிக்கை மட்டும் உள்ள துண்டுச் சீட்டு பணத்துக்கு ஆதாரம் ஆகாது.

நோட்டில் மூல பில்லின் எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். வரியோடு போடுகிற கிரெடிட் நோட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும். இருந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

ரேட் கட்டத்தில் என்ன விலை என்று முதலில் பாருங்கள். பட்டியல் விலை என்றால் கீழே தள்ளுபடி இருக்கலாம். தள்ளுபடி போன விலை என்றால் கீழே தள்ளுபடியே இருக்கக் கூடாது.

தொகை தப்பு என்றால் போனில் பேசிக்கொண்டே இருக்காமல் உடனே எழுத்தில் அனுப்புங்கள். விற்றவர் ஏற்றுகிற பில்லும் நோட்டும் ஜிஎஸ்டி தளத்தில் நம் பக்கம் தெரிகிற GSTR-2B-யில் அந்த நோட்டு என்ன தொகைக்கு ஏறியிருக்கிறது என்பதையும் பாருங்கள். விற்றவர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள, சரக்கு விற்ற நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30 வரைதான் காலம். அவர் அதற்கு முன்பே ஆண்டு அறிக்கை தாக்கல் செய்துவிட்டால் அதோடு முடிந்தது. இழுத்தடித்தால் அதன் பிறகு "இனிமேல் திருத்த முடியாது சார்" என்பார்கள்.

நான் என் பேரேட்டில் 35,400 என்றே வைத்திருக்கிறேன். அவர்கள் ஒப்புக்கொண்ட 26,550 போக 8,850 அவர்கள் பெயரில் பற்றாக நிற்கிறது. திருத்திய நோட்டு கேட்டுப் பதிவுத் தபால் இன்று போகிறது. அதுவரை அவர்கள் ஆள் ஆர்டர் புத்தகத்தோடு வந்தால் ஒரு ரோல் கூட எடுப்பதாக இல்லை.